கோன் செட்டை இறுக்கினால் போதுமா?

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். எதிரே சிக்னல் தெரிகிறது, ஆக்சிலரேட்டரை விடுகிறீர்கள். வேகம் நாற்பதைத் தொடும்போது ஹேண்டில் இடமும் வலமுமாக உதறத் தொடங்குகிறது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால் அடங்கிவிடுகிறது. அதனால் பலரும் இதை மாதக்கணக்கில் பொருட்படுத்துவதில்லை. ஒரு கையால் செல்போனை எடுக்கப் போகும் நாளில்தான் பயம் வருகிறது. பட்டறைக்குப் போனால் அநேகமாக ஒரே பதில்தான்: “கோன் லூசா இருக்கு, டைட் வச்சுட்டா சரியாயிரும்.” ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு. ஐந்து நிமிட வேலை. உதறலும் நின்றுவிடும். ஆனால் சில நாளில் வண்டி வேறு விதமாகத் தொல்லை கொடுக்கும். மெதுவாகப் போகும்போது நேராகப் போகாமல் அலையும்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிய வேண்டுமானால், வண்டியில் எதெல்லாம் சுழல வேண்டும், எதெல்லாம் அசையவே கூடாது என்று பார்க்க வேண்டும். சாதாரண 100 சிசி, 125 சிசி மோட்டார் சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். முன் சக்கரத்தின் ஹப்புக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பேரிங்குகள். பின் சக்கர ஹப்பில் இரண்டு. செயின் ஸ்ப்ராக்கெட் உட்காரும் பகுதியில் பெரும்பாலும் இன்னொன்று. இவை போக, ஹேண்டில் திரும்பும் இடத்தில், சேசிஸின் கழுத்துக் குழாய்க்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. கழுத்தில் இருக்கும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் கோன் செட் என்கிறோம்.

சக்கர பேரிங் முழுசாக வாங்கிப் போடும் பொருள். உள்வளையம், வெளிவளையம், நடுவே குண்டுகள், குண்டுகளை இடைவெளிவிட்டுப் பிடித்துக்கொள்ள ஒரு கூண்டு, பக்கவாட்டில் மூடி. அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணிலேயே அளவும் அடங்கியிருக்கிறது. 100 சிசி வண்டிகள் பலவற்றின் முன் சக்கரத்தில் வரும் 6301-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு இலக்கமான 01 உள்துளை 12 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் அந்த எண்ணை ஐந்தால் பெருக்கினால் துளையின் அளவு வந்துவிடும். 6301-இன் வெளிவிட்டம் 37, அகலம் 12 மில்லிமீட்டர். பெட்டியின் மேல் எந்தக் கம்பெனிப் பெயர் இருந்தாலும் இந்த அளவு மாறாது. பழைய பேரிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு எந்த ஊர் பேரிங் கடைக்கும் போகலாம்.

கழுத்து பேரிங் அப்படி முழுசாக இருப்பதில்லை. பெரும்பாலான சிறிய வண்டிகளில் அது சைக்கிளின் ஹேண்டில் கழுத்தில் இருப்பதன் பெரிய உருவம்தான். கிண்ணம் போன்ற ஒரு வளையம், அதன் மேல் கவிழும் கூம்பு வளையம், இரண்டுக்கும் நடுவே கிரீஸில் பதிந்த உதிரிக் குண்டுகள். இந்தக் குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைத் தொழிற்சாலை முடிவு செய்வதில்லை. மேலே இருக்கும் மரையை எவ்வளவு இறுக்குகிறோமோ அதுதான் முடிவு செய்கிறது. சக்கர பேரிங்கில் திருத்த ஒன்றுமில்லை, கெட்டால் மாற்ற வேண்டியதுதான். கோன் செட்டைத் திருத்தலாம். திருத்தலாம் என்பதாலேயே, மாற்ற வேண்டிய நிலைக்கு வந்த பிறகும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

கோன் செட் தேயும் விதமும் விசித்திரமானது. சக்கர பேரிங் கிலோமீட்டர் கணக்கில் சுற்றிச் சுற்றித் தேய்கிறது. கழுத்து அப்படிச் சுற்றுவதே இல்லை. ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி ஹேண்டில் நேராகத்தான் இருக்கிறது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓரிரு டிகிரிதான் அசைகிறது. பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும், வேகத்தடையில் ஏறும் ஒவ்வொரு குத்தும், அதே குண்டுகள் வழியாக வளையத்தின் அதே புள்ளிகளில் இறங்குகிறது. அசைவு சிறியதாக இருப்பதால் குண்டுக்கு அடியிலிருந்து பிதுங்கி வெளியேறிய கிரீஸ் திரும்பி உள்ளே வருவதில்லை. உலோகத்தோடு உலோகம் உரசி, மெல்ல மெல்லக் குண்டு ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குழி விழுகிறது. கழற்றித் துடைத்துப் பார்த்தால் வளையம் முழுக்க ஒரே இடைவெளியில் வரிசையாகக் குழிகள் தெரியும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். வண்டியின் எடையும் ரோட்டின் குத்தும் முதலில் இறங்குவது கீழ் வளையத்தில் என்பதாலும், முன் சக்கரம் தெறிக்கும் தண்ணீரும் சேறும் முதலில் தொடுவது அதைத்தான் என்பதாலும், கீழ்ப்பக்கம்தான் முதலில் போகும். மேல் வளையம் புதுசு போல மின்னும் வண்டிகளில்கூடக் கீழே குழி விழுந்திருக்கும்.

இப்படிக் குழி விழுந்த கழுத்தில் ஹேண்டில் நேராக வந்ததும் குண்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் தத்தம் குழியில் இறங்கி உட்கார்ந்துகொள்கின்றன, பல்லாங்குழியில் சோழி விழுவது போல. அதிலிருந்து ஹேண்டிலைக் கிளப்ப ஒரு சின்னத் தள்ளு வேண்டும். இரு சக்கர வண்டி நேராகப் போவதாக நமக்குத் தோன்றினாலும், ஓட்டுபவர் தன்னையறியாமல் ஓயாமல் மிகச் சின்னத் திருத்தங்களைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். குழியில் மாட்டிய ஹேண்டில் அந்தச் சின்னத் திருத்தங்களை ஏற்காது. கொஞ்சம் அதிகமாகத் தள்ளியதும் குழியிலிருந்து வெளியே வந்து தேவைக்கு மேல் திரும்பிவிடும். ரோட்டில் அலைவது என்று சொல்வது இதைத்தான்.

இனி சோதனைக்கு வருவோம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வேண்டியது சமதளமான தரை, சென்டர் ஸ்டாண்ட், கூட ஒரு ஆள். ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஆட்டத்தை டயரில் தேடாதீர்கள், இணைப்பில் தேடுங்கள். டயரைப் பிடித்து ஆட்டினால் பேரிங், ஆக்சில், ஃபோர்க், கழுத்து எல்லாம் சேர்ந்தே ஆடும். எது ஆடுகிறது என்று சொல்லக்கூடியது இரண்டு பாகங்கள் சந்திக்கும் கோட்டின் மேல் வைத்த விரல் மட்டுமே. வரிசையும் முக்கியம். முதலில் சக்கரம், பிறகு ஃபோர்க், கடைசியில் கழுத்து. சக்கரத்தில் ஆட்டம் இருக்கும்போது கழுத்தைச் சோதித்தால் சக்கரத்தின் ஆட்டமே கழுத்து ஆட்டமாகத் தெரியும்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகள் சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போது பின் சக்கரம்தான் தூக்கியிருக்கும். கூட இருப்பவரைப் பின்னால் கேரியரை அமுக்கச் சொன்னால் முன் சக்கரம் எழும்பும். இல்லாவிட்டால் எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டையோ ஜாக்கியோ கொடுக்கலாம். சைலன்சர் குழாய்க்குக் கீழே முட்டுக் கொடுக்கக் கூடாது. தொடங்குவதற்கு முன் ஆக்சில் நட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நட்டே லூசாக இருந்தால் மற்ற சோதனைகளுக்கு அர்த்தமில்லை.

ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, அது அசையாதபடி பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் ஃபோர்க் காலின் அடிப்பகுதியை ஆக்சிலுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். மற்றொரு கையால் டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழுங்கள். ஃபோர்க்கைப் பிடித்த கைக்கு ‘டக் டக்’ என்று ஒரு தட்டல் வந்தால், ஃபோர்க் நிற்கச் சக்கரம் மட்டும் அசைந்தால், பேரிங் போய்விட்டது. மெதுவாகத் தள்ளினால் இது தெரியாது. சின்னச் சின்னதாக, வேகமாகத் தள்ளி இழுக்க வேண்டும்.

எவ்வளவு ஆட்டம் இருக்கலாம் என்று கேட்பார்கள். கைக்குத் தெரியும் ஆட்டம் எதுவுமே இருக்கக் கூடாது. இதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். புது பேரிங்குக்குள்ளும் குண்டு உருளக் கொஞ்சம் இடைவெளி உண்டு. இந்த அளவு பேரிங்கில் அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஹப்புக்குள் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே 60 மில்லிமீட்டர் தூரம், ஆக்சிலிலிருந்து டயரின் ஓரம் 300 மில்லிமீட்டர் என்று கொள்வோம். சக்கரம் ஒரு பக்கச் சாய்விலிருந்து மறுபக்கச் சாய்வுக்குப் போகும்போது, உள்ளே இருக்கும் இடைவெளி டயர் ஓரத்தில் சுமார் பத்து மடங்காகத் தெரியும். நூறில் ஒரு பங்கு இடைவெளி பத்தில் ஒரு மில்லிமீட்டராக மாறும். கை அதை உணராது. அதே பேரிங் தேய்ந்து உள்ளே பத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வந்துவிட்டால் டயர் ஓரத்தில் முழுசாக ஒரு மில்லிமீட்டர் ஆடும். தெளிவாகத் தட்டும். அதாவது கைக்குத் தெரியும் நிலைக்கு வருவதற்குள் பேரிங் தன் இயல்பான இடைவெளியைப் போலப் பத்து மடங்கு தேய்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விடுவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.

ஸ்போக்ஸ் சக்கரத்தில் ஒரு குழப்பம் வரும். ஸ்போக்ஸ் தளர்ந்திருந்தாலும் ரிம் ஆடும். ஹப்பையும் ஃபோர்க்கையும் சேர்த்து விரலால் தொட்டுப் பாருங்கள். ஹப் அசையாமல் ரிம் மட்டும் நெளிந்தால் அது ஸ்போக்ஸ். அதேபோல் சக்கரத்தைச் சுற்றிவிடும்போது ரிம் இடமும் வலமும் போய்வந்தால் அது ரிம்மின் வளைவு, பேரிங் ஆட்டம் இல்லை. கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஆட்டம் வருவதற்கு முன்பே பேரிங் கரகரக்கத் தொடங்கிவிடும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஆக்சில் பக்கத்தில் ஃபோர்க் காலின் மேல் விரல் நுனிகளை லேசாக வைத்துப் பாருங்கள். நல்ல பேரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டதில் மணலை அரைப்பது மாதிரி ஓர் அதிர்வு விரலுக்கு வரும். பிரேக் ஷூ உரசும் சத்தத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஷூ உரசல் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை கூடிக் குறையும், பிரேக்கை லேசாகத் தொட்டால் மாறும். ஸ்பீடோமீட்டர் கேபிள் சக்கரத்திலிருந்து போகும் வண்டியானால் அதைக் கழற்றிவிட்டுக் கேட்பது நல்லது.

கடைசித் தீர்ப்பு சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான். உள்வளையத்துக்குள் விரலை விட்டு, கொஞ்சம் அழுத்தம் கொடுத்து மெல்லத் திருப்ப வேண்டும். வழவழப்பாக, கிரீஸின் லேசான இழுப்போடு திரும்பினால் நல்லது. தடுக்கித் தடுக்கித் திரும்பினால் கெட்டது. இங்கே அனுபவம் உள்ளவர்கள்கூட ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விரலால் சுண்டிவிட்டால் சரசரவென்று நெடுநேரம் சுற்றும் பேரிங்கை “சூப்பரா சுத்துது” என்று திரும்பப் போட்டுவிடுவார்கள். அப்படிச் சுற்றினால் உள்ளே கிரீஸ் காய்ந்துபோயிற்று என்றே அர்த்தம். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்ட புது பேரிங்கைச் சுண்டினால் உடனே நின்றுவிடும்.

பின் சக்கரத்துக்கும் இதே முறைதான். ஆனால் சந்தேகத்துக்குரியவர்கள் அங்கே அதிகம். டயரைப் பக்கவாட்டில் தள்ளும்போது மற்றொரு கை ஸ்விங் ஆர்மின் மேல் இருக்க வேண்டும். ஸ்விங் ஆர்ம் நிற்கச் சக்கரம் ஆடினால் பேரிங். சக்கரமும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால், ஸ்விங் ஆர்ம் சேசிஸில் மாட்டியிருக்கும் இடத்தில் புஷ் தேய்ந்திருக்கிறது. ஸ்ப்ராக்கெட்டை மட்டும் பிடித்து முன்பின்னாக ஆட்டினால் கொஞ்சம் நகரும். உள்ளே ரப்பர் இருப்பதால் அது இயல்பு. ஆனால் ஸ்ப்ராக்கெட் பக்கவாட்டில் சாய்ந்தால் அங்கே இருக்கும் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். செயின் எந்நேரமும் ஒரு பக்கமாக இழுப்பதால் பின்னால் முதலில் போவது செயின் பக்க பேரிங்காகத்தான் இருக்கும்.

சக்கரத்தில் குறை இல்லை என்று தெரிந்த பிறகு கழுத்து. முன் சக்கரம் தரையில் படாமல், ஹேண்டில் நேராக இருக்கட்டும். வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஃபோர்க் கால்கள் இரண்டையும் அடியில் பிடித்து உங்களை நோக்கி இழுத்து, பின்னால் தள்ளுங்கள். கூட இருப்பவர் கழுத்துக் குழாயின் கீழ் விளிம்பும், ஃபோர்க் கால்களைக் கோத்திருக்கும் கீழ்த் தட்டும் சந்திக்கும் இடைவெளியில் விரலை வைத்திருக்க வேண்டும். அந்த விரலுக்கு அசைவு தெரிந்தால் கோன் லூஸ். அங்கே ஒன்றும் தெரியாமல் கீழே மட்டும் ஆடினால் ஃபோர்க் குழாய்க்குள் தேய்மானம். அதற்குக் கோனை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

பட்டறைகளில் வேறொரு சோதனை வழக்கத்தில் உண்டு. வண்டியைத் தரையில் நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் உந்துவார்கள், ‘டொக்’ என்றால் கோன் லூஸ். சுலபமான சோதனைதான். ஆனால் டிஸ்க் பிரேக் வண்டியில் காலிப்பரில் இருக்கும் பேட் நகர்ந்தாலும் அதே ‘டொக்’ வரும். டிரம் பிரேக் வண்டியில் பிரேக் பிளேட் அதன் தடுப்பில் முட்டினாலும் வரும். சத்தத்தை மட்டும் நம்பி ஸ்பேனரை எடுப்பது சரியல்ல. இந்தச் சோதனையிலும் விரல் கழுத்தில் இருந்தால்தான் அது சோதனை.

அடுத்தது எல்லாரும் விட்டுவிடும் பாதி. ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தாயிற்று, குழி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. முன் சக்கரம் தூக்கியபடியே இருக்க, ஹேண்டிலின் ஒரு முனையை இரண்டே விரலால் பிடித்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மிக மெதுவாகக் கொண்டுபோங்கள். நேர் நிலைக்கு வரும்போது கொஞ்சம் தட்டுகிறதா, தானே அங்கே போய் உட்காரப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். நேராக நிறுத்திவிட்டு லேசாகத் தொட்டால், நல்ல கழுத்து தன் எடையிலேயே ஒரு பக்கமாகச் சரிந்து கோடி வரைக்கும் போய்விடும். குழி விழுந்த கழுத்து நடுவிலேயே நிற்கும். அளவுக்கு மீறி இறுக்கிய கழுத்து விட்ட இடத்திலேயே எல்லா நிலையிலும் நிற்கும். கிளட்ச் கேபிளும் வயர்களும் இழுத்துப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூத்துக்குடியில் உப்பளத்துக்குத் தினமும் போய்வரும் ஒருவரின் பழைய 100 சிசி வண்டி இதற்கு நல்ல உதாரணம். வேகம் குறையும்போது ஹேண்டில் உதறுகிறது என்று ஒரு பட்டறையில் கோனை இறுக்கி வாங்கிவந்தார். உதறல் நின்றது. ஆனால் சந்தைக்குள் மெதுவாகப் போகும்போது வண்டி கோணல்மாணலாகப் போகிறது என்று பின்னால் உட்கார்ந்து வரும் மனைவி சொல்ல ஆரம்பித்தார். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டியபோது நானும் கூட இருந்தேன். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. கழுத்திலும் ஆட்டம் இல்லை. ஹேண்டிலை நடுவுக்குக் கொண்டுவந்து விட்டார், அது அப்படியே நின்றது.

“அண்ணாச்சி, இத நீங்களே தொட்டுப் பாருங்க. நடுவுல லாக் ஆகுதா?”

“ஆமா தம்பி. ஆனா டைட்டா இருக்குன்னுதான வருது. கொஞ்சம் லூஸ் பண்ணினா?”

“பண்ணிக் காட்டுறேன்.”

மேல் நட்டைத் தளர்த்தி, ஹேண்டில் சுலபமாகத் திரும்பும் அளவுக்குக் கோனை விட்டார். இப்போது நேர் நிலையில் ஃபோர்க்கை இழுத்துத் தள்ளினால் கழுத்தில் ‘டக்’ என்று ஆட்டம். ஹேண்டிலைப் பாதி திருப்பி வைத்து இழுத்தால் ஆட்டமே இல்லை. ஒரே மரை, ஒரே இறுக்கம். நேராக இருக்கும்போது குண்டுகள் குழிக்குள் இறங்கிவிடுவதால் அங்கே தளர்ச்சி, திருப்பினால் குழியிலிருந்து மேட்டுக்கு ஏறுவதால் அங்கே இறுக்கம். நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால் திருப்பத்தில் பிடிக்கும், திருப்பத்தில் சுலபமாகத் திரும்பும்வரை விட்டால் நடுவில் ஆடும். இரண்டுக்கும் பொதுவான ஓர் இறுக்கம் அந்த வண்டியில் இல்லை. கோன் செட் திருத்தும் நிலையைத் தாண்டிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. கழற்றியதும் கீழ் வளையத்தில் குழிகளோடு துருவும் சேர்ந்து இருந்தது. கிரீஸ் இருந்த இடத்தில் காய்ந்த செம்மண் போல ஏதோ ஒட்டியிருந்தது. உப்புத் தண்ணீர்ச் சேற்றில் ஓடும் வண்டி அது.

புதுசு மாட்டி ஓட்டிப் பார்த்ததும் அலைச்சல் போயிற்று, வேகம் குறையும்போது வரும் உதறலும் போயிற்று. ஆனால் வளைவில் வண்டியின் பின்பக்கம் மட்டும் வாலாட்டுவது போல இருந்தது என்று வந்து சொன்னார். இத்தனை நாளும் முன்னால் இருந்த தொல்லையில் அது தனியாகத் தெரியவில்லை. பின் சக்கரத்தை ஆட்டியபோது டயர் ஓரத்தில் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம், ஸ்விங் ஆர்ம் அசையவில்லை. செயின் பக்க பேரிங்கின் கூண்டு உடைந்து குண்டுகள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தன.

முதல் பட்டறையில் இறுக்கியபோது உதறல் ஏன் நின்றது? ஓடும் இரு சக்கர வண்டிக்கு இயல்பாகவே சில ஆட்டங்கள் உண்டு என்பதை 1971-இல் ராபின் ஷார்ப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதில் ஒன்று முன் சக்கரமும் ஃபோர்க்கும் ஹேண்டிலும் சேர்ந்து கழுத்தை அச்சாகக் கொண்டு உதறுவது. வினாடிக்கு ஏறக்குறைய 6 முதல் 10 தடவை உதறும். நல்ல வண்டியில் அது எழும்பியதும் டயரும் கழுத்தின் உராய்வும் சேர்ந்து அடக்கிவிடுகின்றன. கழுத்து தளர்ந்தால் அந்த அடக்கம் குறைகிறது. கோனை அளவுக்கு மீறி இறுக்கும்போது நாம் செய்வது உராய்வைக் கூட்டுவது. உராய்வு கூடினால் உதறல் எதனால் வந்திருந்தாலும் அடங்கும். முன் டயர் தேய்ந்து வந்திருந்தாலும், பின்னால் பெரிய பெட்டியை மாட்டி அதில் பாரம் ஏற்றியதால் வந்திருந்தாலும் அடங்கும். காரணம் அப்படியே இருக்கும், மறைந்துவிடும். அதனால்தான் இறுக்கியதும் உதறல் நின்றது என்பதை வைத்துக் கோன்தான் குற்றவாளி என்று முடிவு கட்ட முடியாது.

மாற்றுவதென்றால் கிண்ணம், கூம்பு, குண்டு எல்லாவற்றையும் ஒரு செட்டாக மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புதுக் குண்டுகளைப் போட்டால் அவை பழைய குழிகளிலேயே போய் உட்காரும். கழுத்துக் குழாயிலிருந்து கிண்ணத்தைத் தட்டி எடுத்த பிறகு, புதுக் கிண்ணம் கோணாமல் அடிவரைக்கும் இறங்க வேண்டும். இறங்கி உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும், காதுக்கே தெரியும். குண்டுகளை எண்ணிப் போட வேண்டும். கிரீஸில் ஒட்டி நிற்பதால் ஒன்று கீழே உருண்டு போனால் கவனிக்காமலே மூடிவிட வாய்ப்பு உண்டு. மரையை முதலில் நன்றாக இறுக்கி, ஹேண்டிலை இரு கோடிக்கும் பல தடவை திருப்பி, வளையங்களை உட்கார வைக்க வேண்டும். பிறகு தளர்த்திவிட்டு, ஆட்டம் மறையும் இடம் வரைக்கும் மட்டும் திரும்ப இறுக்க வேண்டும். மேலே இருக்கும் பெரிய நட்டை இறுக்கும்போது அது மரையை இன்னும் கொஞ்சம் அழுத்திவிடும். அதனால் எல்லாவற்றையும் இறுக்கி முடித்த பிறகு, ஹேண்டில் தானாகச் சரிகிறதா என்று இன்னொரு முறை பார்க்காமல் வண்டியைக் கீழே இறக்கக் கூடாது.

சக்கர பேரிங் மாற்றுவதில் கெடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் தினமும் பார்க்கலாம். ஒன்று, உள்வளையத்தில் அடித்து இறக்குவது. அடி அத்தனையும் குண்டுகள் வழியாகப் போவதால், பேரிங் ஹப்பில் உட்காரும் முன்பே வளையத்தில் தழும்பு விழுந்துவிடும். வெளிவளையத்தின் அளவுக்குப் பொருந்தும் சாக்கெட்டை வைத்துத் தட்டுவதுதான் முறை. பழைய பேரிங்கையே புதியதன் மேல் வைத்து, அதன் வெளிவளையத்தில் தட்டுபவர்களும் உண்டு. இன்னொன்று, இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே வரும் குழாய்த்துண்டை, ஸ்பேசரை, போட மறப்பது அல்லது தேய்ந்ததையே போடுவது. ஆக்சில் நட்டை இறுக்கும்போது அந்த அழுத்தம் ஒரு உள்வளையத்திலிருந்து ஸ்பேசர் வழியாக மறு உள்வளையத்துக்குப் போக வேண்டும். ஸ்பேசர் இல்லாவிட்டாலோ, குட்டையாக இருந்தாலோ உள்வளையங்கள் உள்நோக்கி நசுங்கும், குண்டுகள் வளையத்தின் ஓரத்தில் ஏறி ஓடும். அப்படி மாட்டிய சக்கரம் நட்டை இறுக்க இறுக்கக் கனமாகச் சுற்றும். புது பேரிங் போட்ட சில வாரத்தில் மறுபடியும் சத்தம் வருகிறது என்றால், பேரிங்கை டூப்ளிகேட் என்று திட்டுவதற்கு முன் ஸ்பேசரைப் பார்க்க வேண்டும். பழைய ஆயில் சீலும் அதோடு போகட்டும். உதடு கெட்டியாகிப்போன சீல் தண்ணீரைத் தடுக்காது.

ஹப்பிலும் கழுத்திலும் வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த வேகத்துக்கு எந்தச் சீலும் நிற்காது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியும் இல்லை. புதுக் கோன் செட் போட்ட வண்டியில் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் வளையங்கள் இன்னும் கொஞ்சம் படிந்து, மறுபடியும் லேசான ஆட்டம் தெரியும். அந்த ஒரு தடவை மட்டும் பட்டறையில் “டைட் வச்சுட்டா சரியாயிரும்” என்று சொன்னால் நம்பலாம்.